25 சதவிகிதம் ஏற்றினால், 25 சதவிகிதம் நிற்காது! - சின்னக் கடைகளின் கல்லாவைக் கரைக்கும் கணக்குத் தப்பு

பேச்சிப்பாறை அணைக்குப் போகும் சாலையோரம் ஒரு சின்னக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கம் தேன் பாட்டில்கள், கிராம்பு, நல்லமிளகு, ஏத்தங்காய் சிப்ஸ். உள்ளே சோப்பு, பிஸ்கட், டீத்தூள் என வீட்டுச் சாமான்கள். ஞாயிற்றுக்கிழமை அணையைப் பார்க்க வருபவர்கள் முன்பக்கத்துச் சரக்கை வாங்குவார்கள். மற்ற நாட்களில் ரப்பர் தோட்டத்து வேலை முடிந்து திரும்புபவர்கள் உள்ளே இருப்பதை வாங்குவார்கள்.

கடைக்கார அம்மா கணக்கில் கெட்டி. விற்பனையில் கால் பங்கு, அதாவது 25 சதவிகிதம் கையில் நின்றால்தான் கடைச் செலவும் வீட்டுச் செலவும் நடக்கும் என்று எழுதிப் பார்த்து வைத்திருக்கிறார். அதனால் வாங்கும் எந்தச் சரக்குக்கும் 25 சதவிகிதம் கூட்டித்தான் விலை போடுகிறார். 100 ரூபாய் சரக்கு 125. 300 ரூபாய் தேன் 375. ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை.

கடையில் கூட்டமும் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பணம் பற்றவில்லை. குலசேகரத்து மொத்தக் கடையில் பாக்கி கூடிக்கொண்டே போகிறது. பின் அலமாரியில் சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. யாரோ கல்லாவில் கை வைக்கிறார்களோ என்று உதவிக்கு நிற்கும் பையன் மீது சந்தேகம் வருகிறது.

பையன் மீது தப்பில்லை. தப்பு அந்தக் ‘கால் பங்கில்’ இருக்கிறது.

எதில் கால்?

நாகர்கோவிலில் பி.காம் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது நோட்டைப் புரட்டினாள்.

“அம்மா, கூட்டினதெல்லாம் சரிதான். ஆனா எதுல கால்னு பாத்தியளா?”

“வாங்குன வெலையில கால், மக்களே. வேற எதுல?”

“நமக்கு வேண்டியது விக்கிற வெலையில கால் இல்லியா?”

இந்த ஒரு கேள்விதான் மொத்த விஷயமும். லாபம் ஒன்றுதான். அதை எதனோடு ஒப்பிட்டுச் சதவிகிதம் சொல்கிறோம் என்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. வாங்கிய விலையோடு ஒப்பிட்டுச் சொல்வது மார்க்-அப். எளிதாக ‘ஏற்றம்’ என்று வைத்துக்கொள்ளலாம். விற்ற விலையோடு ஒப்பிட்டுச் சொல்வது மார்ஜின்.

300 ரூபாய்க்கு வந்த தேனை 375-க்கு விற்றால் லாபம் 75 ரூபாய். 300-ல் 75 என்பது 25 சதவிகிதம். இது ஏற்றம். அதே 75 ரூபாய், 375-ல் 20 சதவிகிதம்தான். இது மார்ஜின். இரண்டும் ஒரே 75 ரூபாயைத்தான் சொல்கின்றன, இரண்டுமே சரியான கணக்கு. ஆனால் கடைக்கார அம்மா தனக்கு வேண்டியதை மார்ஜினில் எழுதிவிட்டு, விலையை ஏற்றத்தில் போட்டுவிட்டார். அந்த இடத்தில்தான் ஓட்டை விழுந்தது.

இந்தத் தப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். விற்கும் விலை வாங்கிய விலையைவிடப் பெரியது. பெரிய எண்ணில் கால் பங்கு வேண்டும் என்று நினைத்து, சின்ன எண்ணின் கால் பங்கைக் கூட்டுகிறோம். அதனால் விலை ஒவ்வொரு முறையும் குறைவாகத்தான் விழும், ஒருநாளும் கூடுதலாக விழாது. 'ஒரு மாதம் குறைந்தால் அடுத்த மாதம் சரியாகிவிடும்' என்று இதில் காத்திருக்க முடியாது.

பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது

இந்தக் குழப்பத்துக்குப் படிப்பறிவு காரணமில்லை. சொல்லப்போனால் பள்ளிக் கணக்கு நன்றாக நினைவில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். பாடப் புத்தகத்தில் லாப சதவிகிதம் என்றால் அடக்க விலையின் மேல் கணக்கிடுவது. அதைத்தான் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தோம்.

ஆனால் கடை நடத்தும்போது செலவை எதோடு ஒப்பிடுகிறோம்? கல்லாவில் விழும் பணத்தோடு. ‘மாசம் ஒன்றரை லட்சத்துக்கு வியாபாரம், அதில் வாடகைக்கு இவ்வளவு, சம்பளத்துக்கு இவ்வளவு’ என்றுதான் யோசிப்போம். அது விற்பனை விலையின் மேல் போடும் கணக்கு. தேவையை விற்பனையில் அளந்துவிட்டு, விலையைப் பள்ளிக்கூட முறையில் போடும்போது இரண்டும் ஒட்டாமல் போகின்றன.

மாதக் கணக்கில் என்ன ஆகிறது?

அந்தக் கடையின் ஒரு மாதத்தைப் பிரித்துப் பார்ப்போம். இவை கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள், சந்தை விலைகள் அல்ல.

மாத விற்பனை 1,50,000 ரூபாய். கடை வாடகை 6,000. பையனுக்குச் சம்பளம் 10,000. மின்கட்டணம் 2,500. கவர், சின்னச் சின்னச் சேதாரம் 2,000. கடனுக்கு வட்டி 2,000. ஆக, கடைச் செலவு 22,500. வீட்டுக்கு எடுக்க வேண்டியது 15,000. இரண்டும் சேர்த்து 37,500. இது விற்பனையில் சரியாக 25 சதவிகிதம். அம்மா எழுதிவைத்த கால் பங்கு தப்பில்லை.

இப்போது எல்லாச் சரக்குக்கும் அசலில் 25 சதவிகிதம் ஏற்றி விற்றிருக்கிறார். அப்படியானால் 1,50,000 ரூபாய்க்கு விற்ற சரக்கின் அசல் 1,20,000. மிச்சம் 30,000. வேண்டியது 37,500. துண்டு 7,500 ரூபாய்.

கடை உரிமையாளர் வாடகையைக் குறைத்துக்கொள்ள மாட்டார். பையனுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். வட்டியும் நிற்காது. 22,500 போக மிஞ்சுவது 7,500 மட்டும். ஆக, மார்ஜினில் 5 சதவிகிதம்தானே குறைகிறது என்று தோன்றுவது, வீட்டுக்கு வரும் பணத்தில் சரிபாதியைக் கொண்டுபோய்விடுகிறது.

ஆனால் வீட்டில் அரிசியும் பள்ளிக் கட்டணமும் பாதியாகவில்லை. எனவே அந்த அம்மா வழக்கம்போல 15,000 எடுத்துவிடுகிறார். பற்றாத 7,500, மறுபடி சரக்கு வாங்க வேண்டிய பணத்திலிருந்து போகிறது. அதனால்தான் அலமாரி காலியாகிறது, மொத்தக் கடையில் பாக்கி ஏறுகிறது. ஒரு வருடத்தில் இது 90,000 ரூபாய். நகை அடகுக்குப் போவது இப்படிப்பட்ட வருடத்தில்தான். ‘வியாபாரம் நல்லாத்தானே ஓடுச்சு, எப்படிக் கடன் வந்துச்சு?’ என்ற கேள்விக்குப் பதிலும் இதுதான்.

கூட்டாதீர்கள், வகுத்துப் பாருங்கள்

சரியான விலைக்கு வழி எளிது. விற்கும் விலையில் கால் பங்கு உங்களுக்கு என்றால், மீதி முக்கால் பங்குதான் அசல். தேனின் அசல் 300 ரூபாய். அதுதான் முக்கால். முக்கால் 300 என்றால் முழுசு 400. அவ்வளவுதான். 375 அல்ல, 400.

கால்குலேட்டரில் 300-ஐ 0.75-ஆல் வகுத்தால் இதே 400 வரும். 20 சதவிகிதம் வேண்டுமானால் 0.80-ஆல் வகுக்க வேண்டும். 30 வேண்டுமானால் 0.70. நூறிலிருந்து வேண்டிய மார்ஜினைக் கழித்து, மிஞ்சுவதால் வகுப்பது என்று நினைவில் வைத்தால் போதும். கால்குலேட்டரில் சதவிகிதப் பொத்தானை நம்ப வேண்டாம். அது மாடலுக்கு மாடல் வெவ்வேறு விதமாக வேலை செய்யும்.

கால்குலேட்டர் கையில் இல்லாதபோது பின்னத்திலேயே போட்டுவிடலாம். விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டுமானால், அசலில் நான்கில் ஒரு பங்கை ஏற்ற வேண்டும். நான்கில் ஒன்று வேண்டுமானால் மூன்றில் ஒன்று. மூன்றில் ஒன்று வேண்டுமானால் பாதி. பாதி வேண்டுமானால் முழு அசலையும் இன்னொரு தடவை ஏற்ற வேண்டும். கீழே இருக்கும் எண்ணில் ஒன்றைக் குறைத்துக்கொண்டே போனால் சரி.

சதவிகிதமாக எழுதி கல்லாப் பெட்டி மூடியில் ஒட்டிவைக்க நினைப்பவர்களுக்கு:

10 சதவிகித மார்ஜினுக்கு, அசலில் 11.1 ஏற்ற வேண்டும்.
15-க்கு 17.6
20-க்கு 25
25-க்கு 33.3
30-க்கு 42.9
40-க்கு 66.7
50-க்கு 100

மார்ஜின் சிறியதாக இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். பெரிதாகப் பெரிதாக இடைவெளி வேகமாக விரியும். சர்க்கரை, எண்ணெய் விற்பவரைவிட, தேனும் மசாலாவும் கைவினைப் பொருளும் விற்பவருக்கு இந்தத் தப்பு அதிகம் வலிப்பது இதனால்தான்.

அசல் என்பது பில் தொகை மட்டுமல்ல

வகுப்பதற்கு முன் அசல் சரியாக இருக்க வேண்டும். தேன்காரரிடம் 270 ரூபாய் கொடுத்தோம் என்பதற்காக அசல் 270 ஆகிவிடாது. பாட்டில், மூடி, லேபிளுக்கு 22 ரூபாய், வண்டிக்கூலியில் அந்தப் பாட்டிலின் பங்கு 8 ரூபாய் சேர்ந்தால்தான் 300. இந்த 30 ரூபாயை விட்டுவிட்டு 270-ஐ 0.75-ஆல் வகுத்தால் 360 வரும். சூத்திரம் சரியாக இருந்தும் விலை தப்பாகிவிடும்.

வரியையும் பார்க்க வேண்டும். இந்தக் கடையின் வருட விற்பனை 18 லட்சம். தமிழ்நாட்டில் பொருள் வியாபாரத்துக்குப் பொதுவாக 40 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். பதிவு இல்லாத கடை, வாங்கும்போது கொடுத்த வரியைத் திரும்ப வரவு வைக்க முடியாது. எனவே பில்லில் இருக்கும் வரியும் அசலில் சேரும். பதிவு செய்து வரி வசூலிக்கும் கடையாக இருந்தால் கணக்கு மாறும். வாடிக்கையாளர் கொடுக்கும் வரி கடைக்காரர் பணமல்ல. மார்ஜினை வரி நீக்கிய விலையில்தான் போட வேண்டும்.

அரசு உத்தரவிலும் ‘மார்ஜின்’ என்றால் ஏற்றம்தான்!

மார்ஜின் என்ற சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் சொல்வதில்லை. இதற்கு நல்ல உதாரணம் மருந்துக் கடை. 2013-ம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கும்போது, சில்லறை வியாபாரிக்கு 16 சதவிகிதம் ‘மார்ஜின்’ தருகிறது. ஆனால் சூத்திரத்தைப் பார்த்தால், அந்த 16 சதவிகிதம் சில்லறை வியாபாரிக்கு வரும் விலையின் மேல் கூட்டப்படுகிறது. 100 ரூபாய் மருந்து, வரி நீங்கலாக 116. லாபம் 16 ரூபாய். விற்ற விலையில் பார்த்தால் அது 13.8 சதவிகிதம்தான். விற்பனையில் 16 சதவிகிதம் நிற்கும் என்று நம்பிக் கடை வாடகையைப் பேசி முடிப்பவர், 1 லட்சம் விற்பனைக்கு 2,200 ரூபாய் துண்டில் நிற்பார்.

கொரோனா காலத்தில் இன்னொன்று நடந்தது. ஆக்ஸிஜன் செறிவூட்டிகளின் விலை தாறுமாறாக ஏறியபோது, 2021 ஜூன் மாதம் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அவற்றின் வணிக மார்ஜினுக்கு வரம்பு வைத்தது. விநியோகஸ்தருக்கு வரும் விலையில் 70 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்றது. அதற்கு முன் மார்ஜின் 198 சதவிகிதம்வரை இருந்ததாக அரசு அறிவிப்பு சொன்னது.

மார்ஜின் 198 சதவிகிதமா? விற்ற விலையின் மேல் கணக்கிட்டால் அப்படி ஓர் எண் வரவே முடியாது. ஒரு பொருள் இலவசமாகவே கிடைத்து அதை விற்றாலும் மார்ஜின் 100-தான். எனவே அங்கே சொல்லப்பட்டது ஏற்றம். 100 ரூபாய் கருவி 298-க்குப் போயிருக்கிறது என்று பொருள். விற்ற விலையில் பார்த்தால் அது சுமார் 66 சதவிகிதம். யாராவது 100-க்கு மேற்பட்ட ‘மார்ஜின்’ சொன்னால், அவர் அசலின் மேல்தான் பேசுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம்.

100-க்குக் கீழே சொல்லும்போதுதான் சிக்கல். புது பிராண்டு பிஸ்கட்டோடு வரும் விற்பனைப் பிரதிநிதி, ‘இருபது மார்ஜின் இருக்கு’ என்பார். அவரிடம் சதவிகிதத்தைப் பற்றி விவாதிக்க வேண்டாம். “எம்.ஆர்.பி எவ்வளவு தம்பி, வரியோட எனக்கு எவ்வளவுக்கு பில் போடுவிய?” என்று இரண்டு எண்களை மட்டும் கேட்டு வாங்கினால் போதும். எம்.ஆர்.பி 60, பில் 50 என்றால் அவர் சொன்ன இருபது அசலின் மேல். கடைக்கு நிற்பது 16.7 தான். பில் 48 என்றால்தான் உண்மையிலேயே விற்பனையில் இருபது.

தள்ளுபடி கொடுக்கும் நேரம்

சுற்றுலா வருபவர்கள் பேரம் பேசாமல் வாங்குவது அபூர்வம். ‘பத்து பர்சன்ட் குறைச்சுக்கோங்க’ என்பார்கள். நாம் விலையை ஏற்றியது அசலின் மேல். தள்ளுபடி கழிவதோ விற்கும் விலையின் மேல். 375-ல் பத்து சதவிகிதம் 37 ரூபாய் 50 பைசா. அதாவது, இருந்த 75 ரூபாய் லாபத்தில் சரிபாதி. '25 ஏத்தி 10 குறைச்சேன், 15 நிக்கும்' என்று மனக்கணக்குப் போட்டால் தப்பு. விற்ற 337 ரூபாய் 50 பைசாவில் 11 சதவிகிதம்தான் நிற்கிறது.

‘25 ஏத்தினோம், 25 தள்ளுபடி கொடுத்தாலும் அசல் வந்துடும்’ என்பது இதைவிட ஆபத்து. 375-ல் 25 சதவிகிதம் குறைத்தால் 281 ரூபாய் 25 பைசா. அசலுக்கே 18 ரூபாய்க்கு மேல் நஷ்டம்.

பத்து சதவிகிதம் குறைத்துக் கொடுப்பது வழக்கம் என்றால், அதையும் முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும். கையில் 400 வர வேண்டும். 400-ஐ 0.90-ஆல் வகுத்தால் 444. லேபிளில் 445 என்று எழுதினால், பத்து குறைத்த பிறகும் கால் பங்கு நிற்கும்.

எல்லாச் சரக்குக்கும் முடியுமா?

முடியாது. சோப்பிலும் பிஸ்கட்டிலும் எம்.ஆர்.பி அச்சிட்டே வருகிறது. அதற்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அங்கே கடைக்காரரால் விலை போட முடியாது. எத்தனை நிற்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டுமே முடியும்.

அதனால் மீதிச் சரக்கு அந்தக் குறையைச் சுமக்க வேண்டியிருக்கும். 1,50,000 விற்பனையில் 50,000 ரூபாய் இப்படிப்பட்ட சரக்கு, அதில் 13 சதவிகிதம்தான் நிற்கிறது என்றால் வருவது 6,500. வேண்டிய 37,500-ல் மீதி 31,000. அது தேன், மசாலா, சிப்ஸ் விற்கும் 1,00,000 ரூபாயிலிருந்து வர வேண்டும். அங்கே 25 போதாது, 31 சதவிகிதம் வேண்டும். தேனை 0.69-ஆல் வகுத்தால் 435 ரூபாய்.

அந்த விலைக்கு விற்குமா என்பதைக் கணக்கு சொல்லாது, சந்தைதான் சொல்லும். பக்கத்துக் கடையில் அதே தேன் 400 என்றால் 435-க்கு யாரும் வாங்க மாட்டார்கள். அப்போது செய்ய வேண்டியது, தேனை இன்னும் மலிவாக வாங்க வழி தேடுவது, அல்லது செலவைக் குறைப்பது, அல்லது லாபம் கூடுதலாக நிற்கும் சரக்குக்கு இடம் கொடுப்பது. 375-க்கு விற்றுவிட்டு, 25 சதவிகிதம் கிடைக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது மட்டும் வழியாகாது.

விலை ஏற்றினால் ஆட்கள் குறைவார்களே என்ற பயம் நியாயமானது. அதையும் அளந்து பார்க்கலாம். 375-ல் ஒரு பாட்டிலுக்கு 75 ரூபாய் லாபம், 400-ல் 100 ரூபாய். அதாவது பழைய விலையில் நான்கு பாட்டில் விற்றால் கிடைக்கும் 300 ரூபாய், புது விலையில் மூன்று விற்றாலே கிடைத்துவிடும். நான்கு பேரில் ஒருவர் வாங்காமல் போனாலும் நஷ்டமில்லை. அதற்கு மேல் ஆட்கள் போனால்தான் பழைய விலையை யோசிக்க வேண்டும்.

உங்கள் கடையில் இந்த ஓட்டை இருக்கிறதா?

ஒரே ஒரு மாதம் சரக்கை எண்ணினால் தெரிந்துவிடும். மாதம் முதல் தேதி கடையில் இருக்கும் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டு எழுதுங்கள். 80,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் வாங்கியது 1,16,000. மாதக் கடைசியில் மறுபடி எண்ணினால் 76,000. முதல் இரண்டையும் கூட்டி, கடைசியைக் கழித்தால் 1,20,000. இதுதான் விற்ற சரக்கின் அசல். விற்பனை 1,50,000 என்றால் மிச்சம் 30,000, அதாவது 20 சதவிகிதம். கடனுக்குக் கொடுத்ததையும் விற்பனையில் சேர்த்து, வீட்டுக்கு எடுத்த சரக்கையும் எழுதிக் கழித்துக்கொண்டால்தான் இந்த எண் சரியாக வரும்.

இந்த எண்ணே நோயைச் சொல்லிவிடும். 25 வேண்டும் என்று விலை போட்டு, கையில் சரியாக 20 நின்றால், அது ஏற்றமும் மார்ஜினும் குழம்பியதன் அடையாளம். 20-க்குத் திட்டமிட்டவருக்கு 16.7 நிற்கும், 30-க்குத் திட்டமிட்டவருக்கு 23.1, 40-க்குத் திட்டமிட்டவருக்கு 28.6. இந்த எண்களுக்கும் கீழே போயிருந்தால்தான், சேதாரமா, எழுதாத கடனா, கூடுதல் தள்ளுபடியா, திருட்டா என்று அடுத்துத் தேட வேண்டும்.

பேச்சிப்பாறைக் கடையில் மகள் அப்படி எண்ணிப் பார்த்தபோது வந்தது 20. ஒரு ரூபாய்கூடக் கல்லாவிலிருந்து காணாமல் போகவில்லை.

“அப்போ அந்தப் பயல் மேல நான் தப்பா நெனச்சுட்டேனே மக்களே” என்றார் அம்மா. அடுத்த வாரம் வந்த தேன் பாட்டில்களில் 400 என்று லேபிள் ஒட்டியது அந்தப் பையன்தான்.